காலையில் மட்டும் செத்துப்போகும் ரிமோட்

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தை வீட்டு டிவி கதை இது. திருச்சியில் டிவி சர்வீஸ் வேலை பார்க்கிற எனக்கு இதைப் போன்ற போன் வாரத்துக்கு இரண்டாவது வரும். ஆனால் இந்த ஒன்றில் நானே ஒரு முறை தப்பாக முடிவு கட்டினேன். அதனால்தான் உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன்.

அத்தை போனில் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, ரிமோட் செத்துப் போச்சுப்பா. புதுசா ஒண்ணு வாங்கினோம், அதுவும் சரியில்ல. டிவியே போயிடுச்சோன்னு மாமா சொல்றார்."

நாற்பத்து மூன்று இஞ்ச் ஆண்ட்ராய்டு டிவி. வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ரிமோட்டில் மைக் பட்டன் இருக்கிறது, அதாவது பேசித் தேடலாம். இந்த மைக் பட்டன் ஒரு முக்கியமான தகவல். பேச்சை அனுப்புகிற ரிமோட் என்றால் அதற்குள் ப்ளூடூத் இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். பழைய ஐஆர், அதாவது அகச்சிவப்பு ஒளி வழியில் பட்டனின் எண்ணை அனுப்ப முடியும், குரலை அனுப்ப முடியாது.

"எந்த பட்டன் வேலை செய்யல அத்தை?" என்று கேட்டேன். "எதுவுமே இல்லப்பா. பவர் மட்டும் டிவி கிட்ட போய் நின்னு அமுக்கினா வருது. வால்யூம், ஹோம், ஒண்ணும் கிடையாது."

இந்த ஒரு வாக்கியத்தில் பாதி விடை இருந்தது. அதை நான் சரியாகவே பிடித்தேன். மீதி பாதியும் அதே வாக்கியத்தில்தான் இருந்தது. அதைக் கோட்டை விட்டேன்.

ஒரே ரிமோட்டுக்குள் இரண்டு ரிமோட்

இப்போது வருகிற ஸ்மார்ட் டிவி ரிமோட்களில் பெரும்பாலானவை இரட்டைப் பிறவி. முன் முனையில் ஒரு சின்ன ஐஆர் எல்இடி இருக்கும். அது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, சுமார் 940 நானோமீட்டரில், நொடிக்கு 38,000 முறை என்கிற வேகத்தில் மினுக்கி மினுக்கி அனுப்பும். டிவியின் அடி ஓரத்தில் கறுப்புப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சென்சார் அந்த மினுக்கலை மட்டும்தான் கவனிக்கும். ஜன்னல் வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. ஆனால் அது மினுக்குவதில்லை, அதனால் சென்சார் அதைத் தள்ளிவிடும். இந்த வழி எப்போதும் ஒருவழிப் பாதை. டிவி கேட்டதா இல்லையா என்று ரிமோட்டுக்குத் தெரியவே தெரியாது. ஒளி போகிற நேர்க்கோட்டில் ஏதாவது நின்றால் அவ்வளவுதான்.

இன்னொன்று ப்ளூடூத். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. நடுவில் மேஜை இருந்தாலும், போர்வைக்குள் ரிமோட் கிடந்தாலும் போய்ச் சேரும். ஆனால் அதற்கு முன்னாலேயே டிவியும் ரிமோட்டும் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொண்டிருக்க வேண்டும். அதைத்தான் பேரிங் என்கிறோம்.

எந்த பட்டன் எந்த வழியில் போகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். சிலதில் பவரும் வால்யூமும் எப்போதும் ஐஆர், மற்றவை ப்ளூடூத். சிலதில் இணைப்பு இருக்கும்வரை எல்லாமே ப்ளூடூத். அத்தை வீட்டு ரிமோட்டில், பவர் பட்டன் மட்டும் இரண்டு வழியும் தெரிந்தது: ப்ளூடூத் இணைப்பு இருந்தால் அதில் போகும், இல்லையென்றால் ஐஆரில் போகும். மற்ற பட்டன்கள் அத்தனையும் ப்ளூடூத் மட்டும்தான்.

ஆகவே "கிட்டே போனால் பவர் வருகிறது, வேறெதுவும் வரவில்லை" என்றால் பேரிங் அறுந்திருக்கிறது. பேட்டரி முழுதாகச் செத்திருந்தால் பவரும் வந்திருக்காது. எதிர்வீட்டுப் பையன் ஏதோ வீடியோ பார்த்து ரிமோட்டை 'ரீசெட்' பண்ணினான் என்று அத்தை அப்புறம்தான் சொன்னார். சரி, குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று எனக்கு நிம்மதி.

போனிலேயே பேரிங்

இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. ரிமோட்டை இணைக்க டிவியின் செட்டிங்ஸ் உள்ளே போக வேண்டும். உள்ளே போக ரிமோட் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அவர்கள் கடையில் வாங்கிய டூப்ளிகேட் ரிமோட் கையில் இருந்தது, கிட்டே நின்று அமுக்கினால் அது வேலை செய்யும் என்றார் அத்தை. ஆனால் டிவிக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டு மெனுவில் ஏறி இறங்குவது அவருக்கு முடியாத காரியம். நான் எப்போதும் சொல்கிற வழி, டிவியின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி துளையில் சாதாரண கம்ப்யூட்டர் மவுஸைச் செருகுவது. ஆண்ட்ராய்டு டிவியில் அம்புக்குறி தானாக வந்து நிற்கும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். எதிர்வீட்டுப் பையனையே மவுஸ் கொண்டு வரச் சொன்னேன். பாவம், பிராயச்சித்தம் மாதிரி ஓடிப் போய்க் கொண்டு வந்தான்.

Settings உள்ளே Remotes & Accessories என்று இருக்கும். அதைத் திறந்ததும் பழைய ரிமோட்டின் பெயர் பட்டியலில் அப்படியே உட்கார்ந்திருந்தது. "அண்ணே, ஏற்கெனவே இருக்கே, திரும்ப எதுக்குச் சேர்க்கணும்?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. முதல் முறை இணையும்போது டிவியும் ரிமோட்டும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்கின்றன. இவன் ஹோமையும் பேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்தபோது ரிமோட் தன் நகலை அழித்துவிட்டது. டிவி மட்டும் பழைய நகலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அந்தப் பெயரை டிவியிலும் அழித்தால்தான் புதுச் சாவி போட முடியும். சில டிவிகள் இதைத் தாங்களே சமாளித்துக்கொள்ளும், பல டிவிகள் சமாளிக்காது. 'ரிமோட்டைத் தேடுகிறது' என்று மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பெயரை அழித்து, புதிதாகச் சேர்க்கும் திரையைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பிறகு ரிமோட்டில் ஹோமையும் பேக்கையும் விளக்கு மினுங்கும்வரை பிடிக்கச் சொன்னேன். இந்த வரிசை முக்கியம். ரிமோட் இணையத் தயார் என்று கூவுவது கொஞ்ச நேரத்துக்குத்தான். டிவி கேட்கிற நிலையில் இல்லாதபோது கூவிவிட்டு அது தூங்கிப் போய்விடும். முதல் தடவை பையன் செய்தது அதைத்தான்: விளக்கு மினுங்கியதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டான்.

(பட்டன் ஜோடி எல்லா டிவிக்கும் ஒன்றல்ல. சாம்சங்கில் ரிட்டர்னும் பிளே/பாஸும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், ஃபயர் டிவியில் ஹோமை மட்டும் பத்து நொடி. எல்ஜி மேஜிக் ரிமோட்டில் நடுச் சக்கரத்தை அமுக்கினாலே போதும். உங்கள் டிவியின் திரையே எதை அமுக்கச் சொல்கிறது என்று பாருங்கள், அதுதான் கடைசி வார்த்தை.)

அரை நிமிஷத்தில் பெயர் வந்தது, தேர்ந்தெடுத்தான், இணைந்துவிட்டது. வால்யூம் ஏறி இறங்கியது. அத்தைக்குச் சந்தோஷம். மைக்கை அமுக்கி ஏதோ பழைய பாட்டு கேட்டுப் பார்த்தார், அதுவும் வந்தது. நான் போனை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அத்தை: "தம்பி, மறுபடியும் வரலப்பா."

மாமா சொன்ன முழுக் கதை

இந்த முறை மாமாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டியது. 'எது வரவில்லை' என்று கேட்டேனே தவிர, 'எப்போது வரவில்லை' என்று நான் கேட்கவே இல்லை.

மாமா நிதானமாகச் சொன்னார். ராத்திரி பத்து மணிக்கு டிவியை நிறுத்தி, சுவரில் இருக்கிற சுவிட்சையும் அணைத்துவிடுவார். இடி மின்னலுக்குப் பயந்து ஆரம்பித்த பழக்கம். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினால் டிவி வராது. எழுந்து கிட்டே போய் நாலைந்து தடவை அமுக்கினால் வரும். வந்துவிட்டால் அப்புறம் நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லை. மத்தியானம் அணைத்துவிட்டு சாயங்காலம் நாற்காலியில் இருந்தே போட்டால்கூட உடனே வருகிறது. காலையில் மட்டும்தான் இப்படி.

கிட்டே போனால் வருகிறது, தூரத்தில் வரவில்லை என்றதும் பேட்டரி வீக் என்று மாமா முடிவு செய்தார். அவர் மேல் தப்பே சொல்ல முடியாது, நாற்பது வருஷமாக அதுதான் சரியான முடிவு. வீட்டில் புது பேட்டரி ஒன்றுதான் இருந்தது. அதைப் போட்டு, இன்னொன்றை அலாரம் கடிகாரத்தில் இருந்து எடுத்துப் போட்டார். கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பேட்டரிக் கட்டை நல்ல கட்டை என்று கணக்கு. நிலைமை முன்பைவிட மோசமானது.

பிறகு ரிமோட்டைக் கடைத்தெருவில் ஒரு கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதன் முன்னால் நீட்டி, வால்யூமையும் சேனலையும் அமுக்கிப் பார்த்தார். திரையில் ஊதா வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. "ரிமோட் போச்சு சார்" என்று சொல்லி முந்நூறு ரூபாய்க்கு ஒரு டூப்ளிகேட்டைக் கொடுத்தார்.

இந்தக் கேமரா சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போன் கேமரா ஐஆரைப் பார்க்கும், நம் கண் பார்க்காது. ஆகவே பட்டனை அமுக்கும்போது எல்இடி திரையில் ஊதாவாகவோ வெள்ளையாகவோ மின்னினால் ஐஆர் போகிறது என்று அர்த்தம். சில போன்களில் பின்பக்கக் கேமராவில் ஐஆரைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். அதில் தெரியாது, செல்ஃபி கேமராவில் தெரியும். அதனால் முதலில் வேலை செய்கிற ஏசி ரிமோட்டையோ செட்டாப் பாக்ஸ் ரிமோட்டையோ காட்டி, உங்கள் போனுக்குக் கண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் பல பேருக்குத் தெரிந்ததுதான். பல பேருக்குத் தெரியாதது, ப்ளூடூத் பட்டன் எந்தக் காலத்திலும் மின்னாது என்பது. கடைக்காரர் பவரை அமுக்கியிருந்தால் மின்னியிருக்கும். அவர் வால்யூமை அமுக்கினார். நல்ல ரிமோட்டுக்கு மரணச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

"டூப்ளிகேட் எப்படி மாமா வேலை செய்யுது?"

"அதுவும் அதே லட்சணம்தாம்ப்பா. நின்னா வருது, உக்காந்தா வரல. டூப்ளிகேட் டூப்ளிகேட்தானே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இங்கேதான். இரண்டு வேறு வேறு ரிமோட். ஒன்றில் கடிகாரக் கட்டை, இன்னொன்றில் கடைக்காரர் போட்டுக் கொடுத்த புதுக் கட்டைகள். இரண்டும் ஒரே நாற்காலியில் இருந்து ஒரே மாதிரி தோற்கின்றன. அப்படியென்றால் கோளாறு ரிமோட்டில் இல்லை. நாற்காலிக்கும் டிவிக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

"மாமா, டிவி முன்னாடி ஏதாவது புதுசா வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்லையே." பின்னால் இருந்து அத்தை குரல்: "அந்த சவுண்ட்பார் இருக்குல்ல, பெரியவன் வாங்கிக் கொடுத்தானே அறுபதாம் கல்யாணத்துக்கு!"

"அது வந்தப்புறம் எட்டு நாள் நல்லா தானே ஓடிச்சு" என்றார் மாமா.

உண்மைதான், ஓடியிருக்கிறது. திருக்கடையூரில் விழாவை முடித்துவிட்டு வந்த சொந்தக்காரர்கள் எட்டு நாள் வீட்டில் இருந்திருக்கிறார்கள். ராத்திரி ஒரு மணி வரை டிவி ஓடியிருக்கிறது, யாரும் சுவர் சுவிட்சை அணைக்கவில்லை. கூட்டம் கலைந்த அன்றைக்குத்தான் மாமா தன் பழைய பழக்கத்துக்குத் திரும்பினார். மறுநாள் காலைதான் முதல் கோளாறு. சவுண்ட்பாருக்கும் கோளாறுக்கும் நடுவில் இந்த எட்டு நாள் இடைவெளி இருந்ததால் யாருக்குமே அதன் மேல் சந்தேகம் வரவில்லை.

சுவர் சுவிட்சுக்கும் ரிமோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ரிமோட்டில் பவரை அமுக்கி அணைக்கும்போது இந்த டிவி முழுதாக அணைவதில்லை. திரை இருண்டாலும் உள்ளே நினைவகம் விழித்திருக்கிறது, ப்ளூடூத் சிப் அரைத் தூக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பப் பவரை அமுக்கினால் ப்ளூடூத் வழியாகவே டிவி எழுந்துவிடும். நடுவில் சவுண்ட்பார் நின்றால் என்ன, இரும்புப் பெட்டி நின்றால் என்ன.

சுவர் சுவிட்சை அணைத்தால் எல்லாம் போய்விடும். காலையில் மின்சாரம் திரும்ப வரும்போது சிவப்பு விளக்கு எரியும், ஆனால் உள்ளே ஆண்ட்ராய்டும் ஓடவில்லை, ப்ளூடூத்தும் ஓடவில்லை. ஒரே ஒரு சின்ன கண்ட்ரோலர் மட்டும் விழித்திருந்து ஐஆர் சென்சாரையும் டிவிக்கு அடியில் இருக்கும் பட்டனையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் டிவியை எழுப்ப இருப்பது ஐஆர் ஒன்றுதான். அதன் பாதையில்தான் சவுண்ட்பார் குறுக்கே நிற்கிறது.

மாமா சொன்ன 'காலையில் மட்டும்' இப்போது அப்படியே பொருந்தியது. மழை நாளில் கரண்ட் போய் வந்தபோதும் இதே தொந்தரவு இருந்ததா என்று கேட்டேன். "ஆமாம்ப்பா, போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட" என்றார்.

போனிலேயே ஒரு சோதனை செய்யச் சொன்னேன். டிவியை அணைத்து, சுவர் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிஷம் கழித்துத் திரும்பப் போடுங்கள். டூப்ளிகேட்டை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள். டிவியைப் பார்த்து அமுக்குங்கள். வரவில்லை. இப்போது டிவி பக்கமாகச் சாய்த்து, மேலே சீலிங்கைப் பார்த்து அமுக்குங்கள்.

"என்னது, சீலிங்கையா?"

"அமுக்குங்க மாமா."

இரண்டாவது அமுக்கலில் டிவி வந்துவிட்டது. வெள்ளை அடித்த கூரையும் சுவரும் ஐஆரை நன்றாகவே திருப்பி அனுப்பும். மேலே போய்ப் பட்டுத் திரும்பிய ஒளி சவுண்ட்பாரின் தலைக்கு மேலாக இறங்கி சென்சாரைத் தொட்டுவிட்டது. நேராகக் காட்டினால் வராத டிவி கூரையைக் காட்டினால் வருகிறது என்றால், வழி மறிப்பு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நேரில் பார்த்தது

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அத்தை கையால் சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது என்பதும் ஒரு காரணம்.

டிவி இரண்டடி உயர அலமாரியின் மேல் இரண்டு கால்களில் நிற்கிறது. அலமாரிக்கும் டிவியின் அடி ஓரத்துக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. சவுண்ட்பாரின் உயரம் ஆறரை. டிவியின் அடியில் நடுவே, பெயர் எழுதிய இடத்துக்குக் கீழே, கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் புடைப்பு தெரிந்தது. சென்சாரும் சிவப்பு விளக்கும் அதற்குள்தான். சவுண்ட்பார் அதை ஒட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு மறைத்துக்கொண்டு நின்றது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் ரிமோட் தொடை உயரத்தில், அதாவது அலமாரியின் மட்டத்தில் இருக்கும். அங்கிருந்து கிளம்புகிற ஒளி சவுண்ட்பாரின் நெற்றியில் போய் முட்டும். நின்றால் ஒளி மேலிருந்து சாய்வாக இறங்கி உள்ளே போய்விடும். மாமா 'கிட்டே போனதால் வருகிறது' என்று நினைத்தது, உண்மையில் எழுந்து நின்றதால் வந்தது.

சிவப்பு விளக்கு எரிகிறது என்றும் அத்தை போனில் சொல்லியிருந்தார். அப்போது அவர் நின்றுகொண்டு பார்த்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த விளக்கே தெரியவில்லை. நீங்கள் உட்காரும் இடத்தில் இருந்து ஸ்டாண்ட்பை விளக்கு தெரியவில்லை என்றால் சென்சாருக்கும் நீங்கள் தெரியவில்லை. இரண்டும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைக்கப்பட்டிருக்கும்.

பழைய ரிமோட்டை வைத்து எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டு, நாற்காலியில் இருந்து ஒரு அமுக்கல். சவுண்ட்பார் இருந்தபோது பத்துக்குப் பத்தும் தோல்வி. சவுண்ட்பாரைத் தூக்கிக் கீழே வைத்தேன். பத்துக்கு மூன்றுதான் வந்தது.

மூன்றா? வழி திறந்தும் ஏழு தடவை வரவில்லை என்றால் இன்னொரு கோளாறும் ஒளிந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றினேன்.

கடிகாரக் கட்டை

புது பேட்டரி மல்டிமீட்டரில் 1.58 வோல்ட் காட்டியது. அலாரம் கடிகாரத்துக் கட்டை 1.31. மீட்டரை மட்டும் பார்த்தால் இதுவும் பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் மீட்டர் கட்டையிடம் எந்த வேலையும் வாங்குவதில்லை. நான் பையில் எப்போதும் வைத்திருக்கும் 10 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே பிடித்து, அது இழுக்கும்போதே அளந்தேன். புதுசு 1.46-ல் நின்றது. கடிகாரத்துக் கட்டை 0.86-க்கு விழுந்தது.

கடிகாரத்துக்கு மிக மிகக் குறைந்த மின்னோட்டம் போதும், சாகக் கிடக்கும் கட்டையிலும் மாதக்கணக்கில் ஓடும். ஐஆர் எல்இடி அப்படியில்லை. ஒவ்வொரு மினுக்கலுக்கும் நூறு மில்லிஆம்பியர் அளவில் கேட்கும். ரிமோட்டில் தீர்ந்த கட்டையைக் கடிகாரத்தில் போடலாம், காசு மிச்சம். கடிகாரத்துக் கட்டையை ரிமோட்டில் போட்டால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்.

இதில் இன்னொரு நுணுக்கம். இரண்டு நல்ல கட்டை சேர்ந்தால் வேலை நேரத்தில் சுமார் 2.9 வோல்ட் கிடைக்கும். அத்தை வீட்டு ஜோடியில் 2.3. குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் எல்இடி தன் பங்காக 1.3 வோல்ட்டை முதலிலேயே எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதுதான் மின்னோட்டத்தைத் தள்ளும். 1.6 மிச்சம் இருந்த இடத்தில் 1.0 மட்டும் மிச்சம். அதனால் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ப்ளூடூத் சிப்புக்கு இந்த 2.3 வோல்ட்டே தாராளம், அது கேட்பதும் கொஞ்சம்தான். எனவே அரைகுறைப் பேட்டரியில் இந்த ரிமோட்டின் ப்ளூடூத் பட்டன்கள் எல்லாம் ஜம்மென்று வேலை செய்யும், ஐஆர் மட்டும் தடுமாறும். நான் போனில் பேரிங் செய்த அன்று மைக், வால்யூம் எல்லாம் நன்றாக இருந்ததால் பேட்டரியை நான் சந்தேகிக்கவே இல்லை.

தெருமுனைக் கடையில் ஒரே கம்பெனி, ஒரே அட்டையில் இருந்த இரண்டு ஆல்கலைன் வாங்கிப் போட்டேன். சவுண்ட்பார் இல்லாமல் பத்துக்குப் பத்து. சவுண்ட்பாரைத் திரும்ப வைத்து அமுக்கினால், புதுப் பேட்டரியோடும் நாற்காலியில் இருந்து பூஜ்யம். நின்றுகொண்டு அமுக்கினால் பத்துக்கு எட்டு. மாமா பக்கத்தில் உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தார். அவருக்கு நான் சொன்ன எந்த விளக்கத்தையும்விட அந்தக் கோடுகள்தான் பிடித்தன.

பேட்டரி மூடியைத் திறந்தபோது ஸ்பிரிங்கில் லேசாக வெள்ளைப் பொடி இருந்தது. எப்போதோ ஒரு கட்டை கசிந்திருக்கிறது. ஆல்கலைன் கசிவு என்பதால் பஞ்சில் துளி எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரத் துணியால் இன்னொரு முறை துடைத்து, நன்றாகக் காய விட்டேன். கட்டையை விரலால் உருட்டிவிட்டால் ரிமோட் வேலை செய்கிறது என்று பலர் சொல்வது இந்த மாதிரி இடத்தில்தான். உருட்டும்போது பொடி சுரண்டப்பட்டு, கொஞ்ச நாளைக்குத் தொடுப்பு கிடைக்கிறது.

கடைசியில் செய்தது

சவுண்ட்பாரை அலமாரியின் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். எச்டிஎம்ஐ கேபிள் எட்டியது. அதன் முன்பக்கம் திறந்தே இருப்பதால் அதன் ரிமோட்டுக்கும் தடையில்லை. கீழ்த்தட்டு இல்லாத வீடுகளில் டிவியின் கால்களுக்கு அடியில் அகலமான பலகை கொடுத்து மூன்று நான்கு சென்டிமீட்டர் உயர்த்தலாம். டிவி ஆடாமல் இருக்கிறதா என்று தள்ளிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில சவுண்ட்பார்களில் முன்னால் வாங்குகிற ஐஆரைப் பின்னால் டிவிக்குத் திருப்பி அனுப்பும் வசதியே உண்டு. இதில் இல்லை.

சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள் என்று மாமாவிடம் சொல்லவில்லை. ராத்திரி எட்டு மணி நேரம் அணைத்து வைப்பதில் அரை வாட் ஸ்டாண்ட்பை டிவியில் வருஷத்துக்கு ஒன்றரை யூனிட்தான் மிச்சமாகும், அதைச் சொன்னால் சிரிப்பார். ஆனால் மின்னலுக்கு அவர் பயப்படுவது நியாயமான பயம். வழியைச் சரிசெய்தாகிவிட்டது, பழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.

வழி திறந்து, புதுக் கட்டை போட்டு, கேமராவில் பவர் பட்டன் மின்னுவதையும் பார்த்த பிறகும் காலையில் டிவி எழவில்லை என்றிருந்தால், அப்போதுதான் நான் டிவியைச் சந்தேகித்திருப்பேன். பல டிவிகளில் ஐஆர் வந்து சேர்ந்தால் சிவப்பு விளக்கு ஒரு முறை கண் சிமிட்டும். நல்ல ரிமோட்டுக்கும் அது சிமிட்டவில்லை, ஆனால் அடியில் இருக்கும் பட்டனை அமுக்கினால் டிவி எழுகிறது என்றால், சென்சார் போர்டு அல்லது அதில் இருந்து மெயின் போர்டுக்குப் போகும் சின்ன ரிப்பன் கேபிள். அதற்கு டிவியைக் கழற்ற வேண்டும், வீட்டில் செய்கிற வேலை இல்லை.

டூப்ளிகேட்டை எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்துவிடலாம் என்றார் அத்தை. வேண்டாம், ப்ளூடூத் என்றைக்காவது திரும்ப அறுந்தால் மவுஸ் தேடாமல் மெனுவுக்குள் போக அது உதவும் என்று சொல்லி, கட்டைகளைக் கழற்றி அலமாரி இழுப்பறையில் வைத்தேன். 0.86-க்கு விழுந்த அந்தக் கட்டையைத் திரும்ப அலாரம் கடிகாரத்திலேயே போட்டேன். போன வாரம் அத்தையிடம் கேட்டேன், இன்னும் சரியான நேரம்தான் காட்டுகிறதாம்.